இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை: 7 ஏன் முந்துகிறது, 8 ஏன் சில சமயம் காணாமல் போகிறது

கேள்வி: சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் கட்டான் என்னும் பலகை ஆட்டத்தை விளையாடுகிறோம். இரண்டு பகடைகளைக் கூட்டினால் 2 முதல் 12 வரை மொத்தம் 11 எண்கள்தானே வரும்? ஒவ்வொன்றும் 11 முறைக்கு ஒரு முறை வரவேண்டாமா? 6, 7, 8 மட்டும் ஏன் இத்தனை முறை விழுகின்றன? அதே நேரத்தில், போன வாரம் 8-ஐ நம்பி வீடு கட்டிய எனக்கு 20 உருட்டல்களுக்கு ஒரு 8 கூட விழவில்லை. பகடையில் கோளாறு இருக்குமா?

பதில்:

ஒரு சிவப்புப் பகடையும் ஒரு வெள்ளைப் பகடையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஆறு விதமாக விழலாம். அது எப்படி விழுந்தாலும் வெள்ளையும் ஆறு விதமாக விழலாம். ஆக மேசைமேல் தோன்றக்கூடிய காட்சிகள் 36. பகடை ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் இந்த 36 காட்சிகளுக்கும் ஒரே வாய்ப்புதான். சம வாய்ப்பு இவற்றுக்கே உரியது. கூட்டுத்தொகை என்பது பகடை உருண்டு நின்ற பிறகு நாம் போடும் கணக்கு. நம் கூட்டலைப் பற்றிப் பகடைக்கு ஒன்றும் தெரியாது.

இங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மேல் வரிசை சிவப்பு, இடப்பக்கம் வெள்ளை, உள்ளே இருப்பவை கூட்டுத்தொகைகள்.

```
      1   2   3   4   5   6
1     2   3   4   5   6   7
2     3   4   5   6   7   8
3     4   5   6   7   8   9
4     5   6   7   8   9  10
5     6   7   8   9  10  11
6     7   8   9  10  11  12
```

சாய்கோடாகப் பாருங்கள். 7 ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை ஆறு கட்டங்களில் நிற்கிறது. 6-க்கும் 8-க்கும் ஐந்து கட்டங்கள். 5-க்கும் 9-க்கும் நான்கு, 4-க்கும் 10-க்கும் மூன்று, 3-க்கும் 11-க்கும் இரண்டு. 2-க்கும் 12-க்கும் ஆளுக்கு ஒரே ஒரு கட்டம்தான். நீங்கள் கேட்ட '11-இல் ஒன்று' எந்தத் தொகைக்கும் பொருந்தவில்லை. 7 விழும் வாய்ப்பு 36-இல் 6, அதாவது ஆறில் ஒன்று. 12 விழும் வாய்ப்பு 36-இல் 1.

நான் துணைப்பாட வகுப்பு எடுத்த ஆண்டுகளில், இந்த இடத்தில் ஒரு மாணவராவது கையைத் தூக்காமல் இருந்ததில்லை. "5-உம் 6-உம் விழுந்தாலும், 6-உம் 5-உம் விழுந்தாலும் ஒன்றுதானே? ஏன் இரண்டு முறை எண்ண வேண்டும்?" நல்ல கேள்வி அது. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் இதே இடத்தில் சறுக்கினார். 11 வருவதற்கும் ஒரு வழிதான், 12 வருவதற்கும் ஒரு வழிதான், ஆகையால் இரண்டு பகடைகளில் இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று 1714-இல் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். உண்மையில் 11 இரண்டு மடங்கு அதிகமாக வரும். சிவப்பு 5, வெள்ளை 6 என்பது ஒரு நிகழ்ச்சி. சிவப்பு 6, வெள்ளை 5 என்பது வேறொரு நிகழ்ச்சி. 12-க்கு இரண்டும் 6 ஆக விழுந்தே தீரவேண்டும், மாற்று வழியே கிடையாது. பகடைகள் இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் இந்த வேறுபாடு நம் கண்ணுக்கு மறைந்துவிடும், ஆனால் பகடைகள் விழும் விதம் மாறுவதில்லை. இரட்டையர் இருவரும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் அவர்கள் இரண்டு பேர்தானே?

இனி 7-க்கு வருகிறேன். கட்டத்தில் எண்ணிப் பார்த்ததோடு நின்றுவிடாமல் காரணத்தையும் பிடித்துக்கொண்டால், பின்னால் பகடையைச் சோதிக்கும்போது அது உதவும். பகடைகளை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 8 வேண்டும். முதல் பகடை 1 காட்டினால் அப்போதே கதை முடிந்தது, ஏனெனில் 7 என்ற முகம் எந்தப் பகடையிலும் இல்லை. 12 வேண்டுமென்றால் முதல் பகடை 6 தவிர எது காட்டினாலும் முடிந்தது. ஆனால் 7 வேண்டுமென்றால் முதல் பகடை எதைக் காட்டினாலும் கதவு திறந்தே இருக்கும். 1 விழுந்தால் 6 போதும், 4 விழுந்தால் 3 போதும். எந்த முகத்துக்கும் சரியாக ஒரு துணை முகம் இருக்கிறது. முதல் பகடையால் கெடுக்கவே முடியாத ஒரே தொகை 7. அதிலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அவ்வளவு முகங்கள் பயனற்றுப் போகின்றன.

1995-இல் ஜெர்மனியில் வெளியான கட்டானை வடிவமைத்த கிளவுஸ் டாய்பர் இதை நன்றாக அறிந்தே ஆட்டத்தை அமைத்தார். பலகையில் உள்ள நிலங்களின் மேல் எண்வில்லைகள் இருக்கும், ஓர் எண் விழுந்தால் அந்த நிலத்தைத் தொடும் மூலையில் வீடு வைத்திருப்பவருக்குப் பொருள் அட்டை கிடைக்கும். அந்த எண்வில்லைகளை எடுத்துப் பாருங்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே சிறு புள்ளிகள் இருக்கும். பலர் அவற்றை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். நாம் மேலே எண்ணிய கட்டங்களின் எண்ணிக்கையே அந்தப் புள்ளிகள்: 6-க்கும் 8-க்கும் ஐந்து, 5-க்கும் 9-க்கும் நான்கு, அப்படியே இறங்கி 2-க்கும் 12-க்கும் ஒன்று. சிவப்பில் அச்சிட்ட 6-உம் 8-உம் கண்ணைப் பறிக்கும். அந்தச் சிவப்புத்தான் ஆளை ஏமாற்றும் என்பது என் அனுபவம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தொடக்கத்தில் வீடு வைக்க இரண்டு மூலைகள் காலியாக இருக்கின்றன. ஒன்று 8, 3, 11 ஆகிய மூன்று நிலங்களைத் தொடுகிறது. மற்றொன்று 5, 9, 10 ஆகியவற்றைத் தொடுகிறது. பெரும்பாலோர் 8-ஐக் கண்டதும் முதல் மூலைக்கு ஓடுவார்கள். புள்ளிகளைக் கூட்டுங்கள். முதல் மூலைக்கு 5, 2, 2 சேர்ந்து 9. இரண்டாவதற்கு 4, 4, 3 சேர்ந்து 11. ஓர் ஆட்டத்தில் 60 முறை பகடை உருள்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் மூலை சராசரியாக 60 × 9/36 = 15 அட்டைகள் தரும். இரண்டாவது 60 × 11/36, அதாவது 18-க்குச் சற்று மேல் தரும். புதிய வீடு கட்ட 4 அட்டைகள் தேவை. ஆக, சிவப்பு எண் எதுவுமே இல்லாத அந்த மூலை ஏறத்தாழ ஒரு வீட்டுக்கான அட்டைகளைக் கூடுதலாகக் கொடுக்கிறது. எந்தப் பொருள் கிடைக்கிறது, ஒரு நிலத்தின் விளைச்சலைத் தடுக்கும் காயான கொள்ளைக்காரன் எங்கே உட்காருவான் என்பவையும் முக்கியம்தான், அவற்றைப் புள்ளிகள் சொல்லா. ஆனால் ஒரே பொருள்களைத் தரும் இரண்டு மூலைகளுக்கு நடுவே தயங்கும்போது புள்ளிகளைக் கூட்டுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

7-க்கு எண்வில்லையே கிடையாது. அதிகம் விழும் தொகையை டாய்பர் யாருக்கும் விளைச்சலாகக் கொடுக்காமல் கொள்ளைக்காரனுக்கு ஒதுக்கிவிட்டார். 7 விழுந்தால் கையில் 8 அல்லது அதற்கு மேல் அட்டைகள் வைத்திருப்பவர் பாதியைக் கீழே போடவேண்டும். "அடுத்த முறை வரும்வரை சேர்த்து வைத்துக்கொள்கிறேன்" என்று 9 அட்டைகளோடு உட்கார்ந்திருப்பவர் உண்மையில் எவ்வளவு துணிகிறார்? நான்கு பேர் ஆடினால், அவர் மறுபடி எதையாவது வாங்குவதற்குள் மற்ற மூவரும் ஒருமுறை, அவரும் ஒருமுறை என நான்கு உருட்டல்கள் ஆகிவிடும். நான்கிலும் 7 விழாமல் இருக்கும் வாய்ப்பு 5/6-ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைப்பது, அதாவது 48 விழுக்காடு. பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் அவர் அட்டைகளை இழப்பார். இதைச் சொன்ன பிறகு எங்கள் வீட்டில் அட்டை சேர்க்கும் பழக்கமே குறைந்துவிட்டது.

இந்த இடத்தில் நம் தாயக்கட்டையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பலருக்குப் பாட்டி வீட்டு நினைவு அது. நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள்: 1, 2, 3, பிறகு ஒன்றும் இல்லாத வெற்றுப் பக்கம். இங்கே காட்சிகள் 4 × 4 = 16. அதே கட்டத்தைச் சிறிதாக வரைந்து பாருங்கள். நடுவில் நிற்பது 3, அதற்கு நான்கு வழிகள். 2-க்கும் 4-க்கும் மூன்று மூன்று வழிகள். 1-க்கும் 5-க்கும் இரண்டிரண்டு. இரண்டும் 3 ஆக விழுந்து வரும் 6-க்கு ஒரு வழி, இரண்டும் வெறுமையாக விழுந்து நாம் பன்னிரண்டு என்று எண்ணும் தொகைக்கு ஒரு வழி.

மறு ஆட்டம் எவற்றுக்குக் கிடைக்கும்? தாயம் என்னும் 1-க்கும், 5, 6, 12 ஆகியவற்றுக்கும். நான்கும் அரிதாக விழும் ஓரத்துத் தொகைகள். அடிக்கடி விழும் 2, 3, 4 ஆகிய மூன்றுக்கும் சலுகை கிடையாது. கட்டானில் அதிகம் விழுவதற்குத் தண்டனை வைத்தார்கள், தாயத்தில் அரிதாக விழுவதற்குப் பரிசு வைத்தார்கள். நிகழ்தகவு என்ற சொல் ஏட்டில் ஏறுவதற்கு முன்பே கட்டையை உருட்டி உருட்டிப் பார்த்த கைகள் இதைக் கண்டுகொண்டிருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காயை இறக்கத் தாயம் வேண்டும், அதன் வாய்ப்போ 16-இல் 2. சராசரியாக எட்டு முறை போடவேண்டும். பத்து முறை போட்டும் தாயம் விழாமல் போவது நான்கில் ஒரு முறைக்கும் மேல் நடக்கும். "எனக்கு மட்டும் தாயம் விழமாட்டேன் என்கிறது" என்று கலங்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

மொனொப்பொலியிலும் இதே கணக்குத்தான், ஆனால் அங்கே தொகை எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆட்டக்காரர்கள் அடிக்கடி போய் நிற்கும் இடம் சிறை. சிறையிலிருந்து 6, 8, 9 கட்டங்கள் தள்ளி ஆரஞ்சு நிற மனைகள் மூன்றும் இருக்கின்றன. பணம் கட்டி வெளியே வருபவர் முதல் உருட்டலிலேயே அவற்றில் ஒன்றில் போய் நிற்கும் வாய்ப்பு 36-இல் 5 + 5 + 4 = 14. அனுபவசாலிகள் அந்த நிறத்தை விடாமல் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் 20 உருட்டல்களுக்கு வருவோம். ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து தொடங்கி 20 முறையும் 8 விழாமல் இருக்கும் வாய்ப்பு 31/36-ஐ 20 முறை பெருக்கினால் வரும், ஏறக்குறைய 5 விழுக்காடு. இருபதில் ஒன்று என்றதும் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் நீங்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே "இந்த உருட்டலிலிருந்து எண்ணப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கவில்லை. ஆட்டத்தின் நடுவே எங்கோ ஒரு வறட்சி வந்தது, வந்த பிறகு அதைக் கவனித்தீர்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு: 60 உருட்டல்கள் உள்ள ஓர் ஆட்டத்தில் ஏதோ ஓர் இடத்தில் 20 உருட்டல்களுக்கு 8 இல்லாத வறட்சி வரும் வாய்ப்பு என்ன? அதைக் கணக்கிட்டால் சுமார் 31 விழுக்காடு வருகிறது. 6-க்கு அப்படி ஒரு வறட்சி வந்திருந்தாலும் நீங்கள் இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ பாதி ஆட்டங்களில் இது நடக்கும். நல்ல பகடையோடு, எந்தச் சூதும் இல்லாமல்.

60 உருட்டல்கள் என்பது நாம் நினைப்பதைவிடச் சிறிய எண்ணிக்கை. 8 சராசரியாக 8 முறைக்குச் சற்று மேல் வரவேண்டும், ஆனால் 3 முதல் 13 வரை எது வந்தாலும் அதில் வியப்பில்லை. 9-ஐவிட 8 அதிகம் வரவேண்டும் என்று கட்டம் சொல்கிறது, ஆனாலும் பத்து ஆட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் 9 முந்திவிடும். 12 ஒருமுறைகூட வராத ஆட்டங்கள் 18 விழுக்காடு இருக்கும். கட்டம் காட்டும் அந்த அழகான கூம்பு வடிவம் பல நூறு உருட்டல்களுக்குப் பிறகே தெளிவாகும். ஒரே ஒரு சனிக்கிழமை இரவில் அதைத் தேடினால் கிடைக்காது. "20 முறை வரவில்லை, இனி 8 வந்தே தீரும்" என்று அடுத்த வீட்டையும் 8-இல் கட்டவும் வேண்டாம். 21-ஆவது உருட்டலிலும் அதன் வாய்ப்பு 36-இல் 5 மட்டுமே. முந்தைய இருபதைப் பகடை நினைவில் வைத்திருப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் பகடையைச் சோதிக்க விரும்பினால், அது நியாயமான விருப்பமே. உள்ளே காற்றுக் குமிழி சிக்கியவை, விளிம்பு தேய்ந்தவை என்று குறையுள்ள பகடைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கூட்டுத்தொகையைக் குறித்து வைத்துச் சோதிக்காதீர்கள். முன்பு சொன்ன 7-இன் இயல்பு இங்கே குறுக்கே நிற்கும். ஒரு பகடை கோணலாகி 6-ஐயே காட்டிக்கொண்டிருக்கிறது, மற்றொன்று நேர்மையானது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 7 விழும் வாய்ப்பு மிகச்சரியாக ஆறில் ஒன்றுதான். கோணல் பகடை எந்த முகத்தைக் காட்டினாலும், அதற்குரிய துணை முகத்தை நேர்மையான பகடை ஆறில் ஒரு முறை கொடுத்துவிடும். "7 சரியாகத்தானே விழுகிறது" என்று நிம்மதி அடைபவர் எதையும் சோதிக்கவில்லை.

ஒவ்வொரு பகடையையும் தனியாக உருட்டுங்கள். ஒன்றின் ஓரத்தில் பேனாவால் சிறு அடையாளம் வைத்துக்கொண்டால் எது எது என்று குழம்பாது. கடினமான தரையில், நன்றாகக் குலுக்கி, 600 முறை. வீட்டில் இருவர் இருந்தால், ஒருவர் உருட்ட மற்றவர் கோடு போட, ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஒவ்வொரு முகமும் 100 முறை எதிர்பார்க்கப்படுகிறது. ஆறு எண்ணிக்கைகளையும் எழுதி, ஒவ்வொன்றும் 100-லிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகலை வர்க்கமாக்கி, ஆறு வர்க்கங்களையும் கூட்டி 100-ஆல் வகுக்கவேண்டும். விடை 11-க்குள் இருந்தால் குற்றம் சாட்ட ஆதாரம் இல்லை. 11-ஐத் தாண்டினால் இன்னும் 600 முறை உருட்டிப் பாருங்கள், ஏனெனில் நல்ல பகடையும் இருபது சோதனைகளில் ஒன்றில் தற்செயலாக 11-ஐத் தாண்டும். இரண்டாம் முறையும் தாண்டி, அதே முகமே மறுபடி தூக்கலாக நின்றால் அந்தப் பகடையை ஒதுக்கிவிடலாம்.

எங்கள் வீட்டுப் பகடை ஒன்றை இப்படி உருட்டியபோது 1 முதல் 6 வரை 92, 108, 97, 111, 88, 104 என்று வந்தது. 5 என்ற முகம் 88 முறைதான் விழுந்தது என்றதும் என் மகள் அதைத் தூக்கி எறியச் சொன்னாள். விலகல்கள் 8, 8, 3, 11, 12, 4. அவற்றின் வர்க்கங்கள் 64, 64, 9, 121, 144, 16, கூட்டினால் 418. நூறால் வகுத்தால் 4.18. அந்தப் பகடையை இன்றும் பயன்படுத்துகிறோம்.